முழு மார்க் போடும் கிளையன்ட்டும் எட்டில் நின்ற மூன்றாம் கோடும்

கேள்வி: பெங்களூரில் கிளினிக்கல் சைக்காலஜி எம்.ஃபில். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒவ்வொரு செஷன் முடிவிலும், அன்றைய செஷன் எப்படி இருந்தது என்று கிளையன்ட் நான்கு கோடுகளில் குறி போட்டுக் காட்டும் எஸ்ஆர்எஸ் படிவத்தை வாங்கச் சொல்லியிருக்கிறார் சூப்பர்வைசர். என்னிடம் வரும் தமிழ் கிளையன்ட்கள் எல்லாரும் 40-க்கு 39, 40 என்றே போடுகிறார்கள். இதை வைத்து என்ன செய்வது? எப்போதாவது ஒருவர் குறைத்துப் போட்டால் அடுத்து என்ன பேசுவது என்றும் தெரியவில்லை.

பதில்:

மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதை முதலில் விடுங்கள். நான்கு கோடுகளையும் தனித்தனியாக அளந்து, அதே ஆள் போன வாரங்களில் அதே கோட்டில் எங்கே குறி போட்டார் என்பதோடு மட்டும் ஒப்பிடுங்கள். எல்லாரும் 39 போடுகிற அறையில் ஒரே ஒரு கோடு ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கினால் அது பெரிய செய்தி. அப்படி இறங்கும்போது உங்கள் வேலை விளக்கம் கொடுப்பது அல்ல, கேட்பது. இதைச் சொல்வது சுலபம். அந்த நேரத்தில் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் செய்கிறார்கள். அதனால் ஒரு கேஸை முழுக்கப் பார்ப்போம். அதற்கு முன் கருவியைப் பற்றிக் கொஞ்சம்.

எஸ்ஆர்எஸ் என்கிற செஷன் ரேட்டிங் ஸ்கேலை பேரி டங்கன், ஸ்காட் மில்லர் முதலியோர் 2003-இல் வெளியிட்டார்கள். அதன் அடித்தளம் எட்வர்ட் போர்டின் 1979-இல் சொன்னது: சிகிச்சைக் கூட்டுறவு என்பது பிணைப்பு, இலக்கில் ஒத்த கருத்து, செய்யும் வேலையில் ஒத்த கருத்து என்ற மூன்றும் சேர்ந்தது. படிவத்தில் நான்கு கோடுகள், ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர். முதல் கோடு, என் பேச்சைக் கேட்டார்களா, புரிந்துகொண்டார்களா, மதித்தார்களா என்பது. இரண்டாவது, நான் பேச நினைத்ததைப் பேசினோமா. மூன்றாவது, இவர் வேலை செய்யும் முறை எனக்குப் பொருந்துகிறதா. நான்காவது, மொத்தத்தில் இன்றைய செஷன் எப்படி. இடது ஓரம் 'இல்லை', வலது ஓரம் 'ஆம்'. ஸ்கேல் வைத்து அளந்து கூட்டினால் 40-க்கு ஒரு எண் வரும். 36-க்குக் கீழே போனாலோ, ஏதாவது ஒரு கோடு 9-க்குக் கீழே போனாலோ பேச வேண்டும் என்பது பொது விதி.

அந்த 36 அமெரிக்காவில் எடுத்த தரவுகளிலிருந்து வந்த எண். அல்சூரிலோ ஸ்ரீராம்புரத்திலோ இருந்து வருபவருக்கு அதை அப்படியே எல்லையாக வைக்க நான் தயாராக இல்லை. நம் ஆட்கள் 'குறைத்துப் போட்டேன்' என்று உணர்கிற இடம் பெரும்பாலும் 9-க்கு மேலேயே இருக்கிறது. ஆகவே அவரவர் பழைய குறிதான் எல்லை.

அச்சிடும்போது ஒரு சின்ன விஷயம் கவனியுங்கள். பிரிண்டரில் பக்கத்துக்குள் பொருந்தும்படி சுருக்கும் அமைப்பு இருந்தால் கோடு 9.4 சென்டிமீட்டராகிவிடும். வலது ஓரத்தில் குறி போட்டவர்கூட 40 எடுக்க முடியாது. முதல் பிரதியை அளந்து பார்த்த பிறகு ஜெராக்ஸ் எடுங்கள்.

இன்னொன்று, இந்த ஊருக்கே உரியது. வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் பலர் இங்கே கன்னட மீடியத்திலோ இங்கிலீஷ் மீடியத்திலோ படித்தவர்கள். தமிழ்ப் படிவத்தைக் கையில் கொடுத்தால் படிக்க வராது என்று சொல்லக் கூச்சப்பட்டு, வலது ஓரமாக நான்கு கோடு கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். அது 40 மார்க் என்று உங்கள் ஃபைலில் ஏறும். முதல் தடவையே, 'எல்லாருக்கும் நானே படிச்சுத்தான் காட்டுவேன்' என்று சொல்லிவிட்டு வாசியுங்கள். படிக்கத் தெரியுமா என்று கேட்க வேண்டாம். வாசித்துவிட்டு, அவர் குறி போடும்போது வேறு பக்கம் பாருங்கள்.

முழு மார்க் ஏன் வருகிறது? மரியாதை ஒரு காரணம். ஆனால் டீச்சிங் ஆஸ்பத்திரிகளில் அதைவிட நேரடியான காரணம் ஒன்று உண்டு. நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது கிளையன்ட்டுக்குத் தெரியும். குறைத்துப் போட்டால் இந்தப் பிள்ளைக்கு மார்க் போய்விடும் என்று நிஜமாகவே கவலைப்படுகிறார்கள். அதனால் அறிமுகத்தில் அதைத் தொட்டே ஆக வேண்டும். நான் சொல்லச் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'இது எனக்கு மார்க் போடற தாள் இல்ல. இதை வெச்சு யாரும் என்னை பாஸ், ஃபெயில் பண்ண மாட்டாங்க. இன்னிக்கு நாம பேசினதுல உங்களுக்கு ஒத்துவராத எதாவது இருந்தா, அது எனக்குத் தெரிஞ்சாதான் அடுத்த வாரம் மாத்த முடியும். எல்லாம் நல்லா இருந்துச்சுன்னு போட்டா எனக்கு சந்தோஷம்தான், ஆனா உங்களுக்குப் பிரயோஜனம் இல்ல.' இதைச் சொல்லும் முன் சூப்பர்வைசரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் துறையில் இந்த எண்ணை உங்கள் மதிப்பீட்டுக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் நீங்கள் பொய் சொல்கிறீர்கள், கிளையன்ட்டும் அதை மோப்பம் பிடித்துவிடுவார். சூப்பர்வைசர்களுக்கும் ஒரு வார்த்தை: பயிற்சியாளரின் எஸ்ஆர்எஸ் சராசரியை வைத்துத் தரம் போட்டால், மாதக்கடைசியில் உங்கள் மேஜைக்கு 40-கள் மட்டும்தான் வரும்.

படிவத்தைக் கடைசி நிமிடத்தில் கொடுக்காதீர்கள். செஷன் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது கொடுங்கள். பை தோளில் ஏறிய பிறகு யாரும் உண்மையைப் பேச மாட்டார்கள்.

இனி கேஸ். சூப்பர்விஷனில் பார்த்த பல கேஸ்களைக் கலந்து, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.

முப்பத்தெட்டு வயதுப் பெண். வீடு ஆஸ்டின் டவுன் பக்கம், ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸ் யூனிட்டில் டெய்லர். ஆறேழு மாதமாகத் தூக்கம் இல்லை, அழுகை, எதிலும் பிடிப்பில்லை. மிதமான மனச்சோர்வு. வாரம் ஒரு நாள் வருகிறார், வருகிற நாளில் அரை நாள் சம்பளம் போகும். சிகிச்சை, பிஹேவியரல் ஆக்டிவேஷன்: எந்தெந்தச் செயல் மனநிலையை ஏற்றுகிறது, எது இறக்குகிறது என்று கண்டுபிடித்து, ஏற்றுகிறதைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகப்படுத்துவது. அதற்கான முதல் வேலை, ஒரு வாரத்துக்கு மணிக்கு மணி என்ன செய்தோம், மனசு எப்படி இருந்தது என்று ஒரு தாளில் குறிப்பது. தெரபிஸ்ட், உங்களைப் போல ஒரு பயிற்சியாளர்.

முதல் மூன்று செஷன்களில் மொத்தம் 38.1, 38.5, 38.2. எல்லாக் கோடுகளும் 9.4-க்கும் 9.7-க்கும் நடுவில். மூன்றாவது செஷனின் முடிவில் பயிற்சியாளர் அந்தக் குறிப்புத் தாளைக் கொடுத்தார். நான்காவது செஷனில் தாள் வரவில்லை.

'டைம் கிடைக்கல மேடம்' என்றார் கிளையன்ட். பயிற்சியாளர் கோபப்படவில்லை, கனிவாகத்தான் விளக்கினார்: தாள் ஏன் வேண்டும், அதனால் என்ன தெரியவரும். 'சரி மேடம்.' பிறகு எளிதாக்கிக் கொடுத்தார்: ஏழு நாள் கஷ்டமாக இருந்தால் மூன்று நாள் போதும். 'சரி மேடம்.' எந்த மூன்று நாள் என்று கேட்டார். 'நீங்களே சொல்லுங்க மேடம்.' அப்புறம் பேச்சு எப்படியோ நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டது. பத்து நிமிடம் கல்யாணக் கதை ஓடியது. பயிற்சியாளருக்கு அது நல்ல செஷனாகவே பட்டது. கிளையன்ட் ஒத்துழைக்கிறார், சரளமாகப் பேசுகிறார் என்று குறிப்பும் எழுதினார்.

உளவியலாளர்கள் ஜெரமி சாஃப்ரனும் கிறிஸ்டஃபர் மியூரனும் சிகிச்சை உறவில் வரும் ரப்சர் என்கிற விரிசலை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஒன்று எதிர்ப்பு: கிளையன்ட் உங்களை நோக்கி வருவார், குறை சொல்வார், சிகிச்சையால் பயனில்லை என்பார். மற்றது விலகல்: உங்களைவிட்டோ, தன் சொந்த உணர்ச்சியை விட்டோ பின்வாங்குவார். பதில் சுருங்கும், பேச்சு மாறும், வேறு யாரையோ பற்றிக் கதை வரும், எல்லாவற்றுக்கும் சரி என்பார். இந்தக் கடைசி வகைதான் நம் அறைகளில் அதிகம். அதைப் பயிற்சியாளர்கள் நல்ல உறவு என்று குறித்துக்கொள்வதும் அதிகம். அந்தச் செஷனின் ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டால், இரண்டாவது 'சரி மேடம்' முதலாவதைவிடச் சின்னதாக இருப்பது காதில் விழும். 'நீங்களே சொல்லுங்க' என்ற இடத்தில் அவர் வேலையிலிருந்து இறங்கிவிட்டார்.

படிவம் வந்தது. 9.6, 9.4, 8.1, 9.3. கூட்டினால் 36.4. எல்லைக்கு மேலே. மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் ஃபைலில் வைத்து மூடியிருப்பார்கள். முதல் கோடு 9.6 என்பதைக் கவனியுங்கள். கிளையன்ட்டுக்குப் பயிற்சியாளரைப் பிடித்திருக்கிறது. தன்னை மரியாதையாக நடத்துகிறார் என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை. பொருந்தாதது முறை. பிணைப்பு நன்றாக இருந்தும் வேலையில் ஒத்துப்போகாத நிலை இது, அதை நான்கு கோடுகளைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த இடத்தில் வழக்கமாக வாயில் வருவது, 'ஏன் இங்க குறைச்சுப் போட்டிருக்கீங்க?' 'ஏன்' என்று தொடங்கியதுமே அது விசாரணையாகிவிடுகிறது. இன்னொரு வழக்கம், உடனே தாளுக்காக வாதாடுவது. மூன்றாவது, 'அச்சச்சோ, சாரி, இனிமே தாளே வேண்டாம்' என்று சரணடைவது. மூன்றிலும் கிளையன்ட் பேச வேண்டியதில்லாமல் போகிறது. பயிற்சியாளர் கேட்டது இப்படி: 'இந்த மூணாவது கோடு போன வாரங்களைவிட இன்னிக்கு இந்தப் பக்கம் வந்திருக்கு. நீங்க இப்படிப் போட்டது எனக்கு உதவியா இருக்கு. இன்னிக்கு நாம செஞ்சதுல எந்த இடம் ஒத்துவரலன்னு சொல்றீங்களா?'

'அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். கை அசைஞ்சிருக்கும்.'

இது எதிர்பார்க்க வேண்டிய பதில். மறுப்பும் விலகலின் ஒரு வடிவம்தான். இங்கே அழுத்திக் கேட்டால் மாட்டிக்கொண்டோம் என்று நினைப்பார். சரி என்று விட்டுவிட்டால் உங்களுக்கும் கேட்க மனமில்லை என்று தெரிந்துகொள்வார். நடுவில் ஒரு வழி இருக்கிறது. உங்கள் பங்கை நீங்கள் முதலில் மேஜையில் வைப்பது. பயிற்சியாளர் சொன்னது: 'இருக்கலாம். எனக்கு ஒண்ணு தோணுது, தப்பா இருந்தா சொல்லுங்க. இன்னிக்கு அந்தத் தாளைப் பத்தி நான் ரெண்டு மூணு தடவை விளக்கினேன். நான் பேசப் பேச நீங்க கொஞ்சம் அமைதியாயிட்ட மாதிரி இருந்துச்சு. நான் விளக்கிக்கிட்டே இருந்தப்ப, உக்காந்து கேட்க எப்படி இருந்துச்சு?'

சாஃப்ரனும் மியூரனும் மெட்டாகம்யூனிகேஷன் என்று சொல்வது இதைத்தான். நமக்கு நடுவே இப்போது நடப்பதைப் பற்றியே பேசுவது. இந்தச் சில வாக்கியங்களில் எதெல்லாம் இல்லை என்று பாருங்கள். 'நீங்க கோபமா இருக்கீங்க' என்ற தீர்ப்பு இல்லை. 'உங்க மாமியார்கிட்டயும் இப்படித்தான் சரி சரின்னு போவீங்களா' என்ற முடிச்சு இல்லை. புத்தகம் படித்த சூட்டில் பயிற்சியாளர்களுக்கு இந்த முடிச்சைப் போட ஆசையாக இருக்கும். விரிசல் திறந்திருக்கும் நேரத்தில் அதைப் போட்டால், குறை முழுக்கத் தன்னுடையது என்றுதான் கிளையன்ட் கேட்டுக்கொள்வார்.

சிறிது நேரம் மௌனம். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார்: 'கம்பெனில இருக்கற மாதிரியே இருந்துச்சு மேடம்.'

கார்மென்ட்ஸ் யூனிட்டில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு போர்டு இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸ் டார்கெட், எத்தனை முடிந்தது என்று மணிக்கு மணி எழுதுவார்கள். குறைந்தால் சூப்பர்வைசர் லைன் நடுவில் வந்து நின்று சத்தம் போடுவார். காலையிலிருந்து சாயங்காலம் வரை மணிக்கணக்கு காட்டிவிட்டு வருகிறவருக்கு, மணிக்கு மணி கட்டம் போட்ட இன்னொரு தாள். தாளில் பிழையில்லை, சிகிச்சை முறையிலும் பிழையில்லை. இந்தக் கைக்கு அது பொருந்தவில்லை. தவிர, வீட்டில் எழுதி வைத்தால் மாமியார் மகனைவிட்டுப் படிக்கச் சொல்வார் என்ற பயமும் இருந்தது. இரண்டையும் படிவமில்லாமல் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

அன்று மிச்சமிருந்தது நான்கு நிமிடம். பயிற்சியாளர் உடனடிச் சரிசெய்தலை மட்டும் செய்தார்: இந்த வாரம் தாள் வேண்டாம், வேறு எப்படிச் செய்யலாம் என்று அடுத்த வாரம் சேர்ந்து யோசிப்போம், சொன்னதற்கு நன்றி. நேரம் குறைவாக இருந்தால் இவ்வளவு போதும். விரிசலைச் சரிசெய்வதில் இரண்டு ஆழங்கள் உண்டு. மேல்மட்டத்தில், வேலையை மாற்றுவது, காரணத்தைப் புரியும்படி சொல்வது, தவறான புரிதலைத் தெளிவாக்குவது. ஆழத்தில், இந்த விலகலுக்குப் பின்னால் எந்தப் பயம், எந்தத் தேவை இருக்கிறது என்று சேர்ந்து பார்ப்பது. எல்லா விரிசலுக்கும் ஆழம் தேவையில்லை. பல கேஸ்களில் வேலையை மாற்றினாலே போதும். ஆழத்துக்குப் போவதானால் நேரம் வேண்டும், கிளையன்ட்டுக்கு விருப்பமும் வேண்டும்.

ஐந்தாவது செஷனில் பயிற்சியாளர் தொடக்கத்திலேயே அந்தப் பேச்சை எடுத்தார். 'போன வாரம் கம்பெனி மாதிரி இருந்துச்சுன்னு சொன்னீங்க. வீட்டுக்குப் போனப்புறம் அதைச் சொன்னதைப் பத்தி என்ன தோணுச்சு?' இந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். விலகும் வழக்கமுள்ளவர் ஒரு தடவை மனசு திறந்தால், அடுத்த வாரம் முழுக்க அதற்காகப் பயந்துகொண்டிருப்பார். அவரும் அப்படித்தான் இருந்திருக்கிறார். 'ரெண்டு நாள் பயமா இருந்துச்சு. இவ ஒத்துழைக்க மாட்டேங்கறான்னு வேற யார்கிட்டயாவது அனுப்பிடுவீங்களோன்னு.'

இங்கேயும் உடனே 'அப்படியெல்லாம் செய்ய மாட்டேன்' என்று ஆறுதல் சொல்லிப் பேச்சை மூடிவிடலாம். பயிற்சியாளர் முதலில் அந்தப் பயத்தைக் கொஞ்சம் இருக்கவிட்டார்: அப்படியென்றால் 'முடியாது' என்று சொல்லும் முன்னாலேயே என்னை இழந்துவிடுவோமோ என்று கணக்குப் போட வேண்டியிருந்திருக்கிறது. கிளையன்ட் தலையாட்டினார், கண் கலங்கினார். அதற்குப் பிறகுதான், மாற்றி அனுப்பப் போவதில்லை என்றார். வரிசை முக்கியம். பயம் பேசப்படுவதற்கு முன்னால் வரும் உறுதிமொழி காதில் ஏறுவதில்லை. பிறகு, இங்கே உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். வெகுநேரம் கழித்து வந்த பதில்: 'யாரும் கணக்கு கேக்காத ஒரு மணி நேரம் வேணும் மேடம்.'

விலகல் வகை விரிசலில் நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடம் இந்த வாக்கியம். தனக்கு என்ன வேண்டும் என்பதை, எதிரில் இருப்பவரிடம், நேராக, தன் வாயால் சொல்வது. அதற்கு முந்தைய படிகள் எல்லாம் இதற்காகத்தான்: விலகலைக் கவனித்தல், மெல்லச் சொல்லிக்காட்டல், மனக்குறையைக் கேட்டல், குறையைச் சொல்லத் தடுக்கும் பயத்தைக் கேட்டல்.

அப்படியானால் பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்னாயிற்று? கைவிடவில்லை. தாளுக்குப் பதிலாக, வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது அன்றைக்குக் கொஞ்சம் லேசாக இருந்த ஒரு நேரம், ரொம்பக் கனமாக இருந்த ஒரு நேரம் இரண்டை மட்டும் நினைத்துக்கொள்வது. எழுத வேண்டாம். செஷனில் அவர் சொல்லச் சொல்ல, எழுதும் வேலை பயிற்சியாளருடையது. தரவு கொஞ்சம் சொரசொரப்பாக வரும், உண்மைதான். ஆனால் எழுதப்படாத முழுத் தாளைவிட அது மேல். அன்றைய கோடுகள் 9.6, 9.5, 9.2, 9.5.

எண் ஏறியதை வைத்துச் சரியாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். குறைத்துப் போட்டால் இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது என்று கற்றுக்கொண்டு ஏற்றிப் போடுகிறவர்களும் உண்டு. நான் பார்ப்பது நடத்தையை. ஏழாவது செஷனில், ஞாயிறு காலை நடைப்பயிற்சி என்று பயிற்சியாளர் சொன்னபோது, 'ஞாயித்துக்கிழமை காலைல வேணாம் மேடம், அன்னிக்குத்தான் தூங்குவேன். சனிக்கிழமை சாயங்காலம் போறேன்' என்றார் கிளையன்ட். மாற்றுத் திட்டத்தோடு வரும் மறுப்பு, 9.6-ஐவிட நம்பகமான அளவுகோல். அதற்கு நேர்மாறாக, கோடுகள் எல்லாம் 9.8-க்குப் போய், 'சரி மேடம்' கூடி, அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு வராமல் போனால், நீங்கள் சரிசெய்ததாக நினைத்தது மேலும் ஒரு விலகல்.

நான்காவது செஷனில் நடந்ததற்குத் திரும்ப வருகிறேன். பயிற்சியாளர் தாளின் காரணத்தைத் திரும்பத் திரும்ப விளக்கினார் அல்லவா, அது தனிப்பட்ட பலவீனம் இல்லை. 1996-இல் லூயி காஸ்டங்கேயும் சக ஆய்வாளர்களும் மனச்சோர்வுக்கான காக்னிட்டிவ் தெரபி செஷன்களை ஆராய்ந்தபோது, உறவில் இறுக்கம் வந்த இடங்களில் தெரபிஸ்ட்கள் முறையின் காரணத்தை இன்னும் வலியுறுத்தியதையும், இறுக்கம் அதனால் கூடியதையும் கண்டார்கள். பதற்றமாக இருக்கும்போது கை தெரிந்த கருவியைத்தான் தேடும். எனவே உங்களுக்கான எச்சரிக்கை மணி கிளையன்ட்டிடம் மட்டும் இல்லை. ஒரே விஷயத்தை இரண்டாவது தடவை விளக்கத் தொடங்குகிறீர்கள் என்றால், அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு எதிரில் இருப்பவர் முகத்தைப் பாருங்கள்.

எதிர்ப்பு வகை பற்றிச் சுருக்கமாக. 'அரை நாள் சம்பளத்தை விட்டுட்டு வர்றேன், நீங்க பேசிக்கிட்டேதான் இருக்கீங்க' என்று ஒருவர் வெடித்தால், அங்கே குறி போட்ட தாள் தேவையில்லை, தெளிவாகவே தெரிகிறது. வேலை வேறு விதமாக இருக்கும்: தற்காத்துக்கொள்ளாமல் குற்றச்சாட்டில் நியாயமான பகுதியை முதலில் ஏற்பது, கோபத்துக்கு அடியில் இருக்கும் ஏமாற்றத்துக்கு வழிவிடுவது. விலகலில் மெல்லிய குரலிலிருந்து உறுதிக்குப் போகிறோம், இங்கே சத்தத்திலிருந்து காயத்துக்குப் போகிறோம். அனுபவம் குறைந்தவர்கள் இதைக் கண்டு அதிகம் பயப்படுகிறார்கள். எனக்கென்னவோ கோபத்தோடு வருகிறவர் அடுத்த வாரமும் வருவார் என்ற நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கை 40 போட்டுவிட்டுச் சிரிப்பவரிடம் இல்லை.

எப்போதும் 40 போடுகிறவரை என்ன செய்வது என்ற உங்கள் கேள்வி இன்னும் பாக்கி. ஐந்தாறு செஷன் தொடர்ந்து அசையவே இல்லையென்றால் படிவத்தை விட்டுவிட்டுக் கேள்வியை மாற்றுங்கள். 'நல்லா இருந்துச்சா' என்று கேட்டால் நல்லா இருந்துச்சு என்றுதான் வரும். 'இன்னிக்குப் பேசினதுல அடுத்த தடவை எதைக் குறைச்சுக்கலாம்?' என்று கேளுங்கள். அல்லது, 'இதே மாதிரி பேச வந்த இன்னொருத்தருக்கு இன்னிக்கு எந்த இடம் சங்கடமா இருந்திருக்கும்?' மூன்றாம் மனிதரின் வாயில் குறையை வைத்தால் பலர் தாராளமாகப் பேசுவார்கள். சிலருக்கு 40 உண்மையான 40-ஆகவும் இருக்கும். ஒவ்வொரு முழு மார்க்கிலும் ஒளிந்திருக்கும் பகையைத் தேடுகிற பயிற்சியாளரும் தொல்லைதான். இறங்கிய கோடு எல்லாம் விரிசலும் அல்ல. ஓபிடியில் ஒன்றரை மணி நேரம் காக்கவைத்துவிட்டு 7.5 வாங்கினால் அதற்குக் காரணம் வெளியே இருக்கிற பெஞ்சாக இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

ஆய்வு என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள், சூப்பர்விஷனில் கேட்பார்கள். யூபாங்ஸ், மியூரன், சாஃப்ரன் மூவரும் 2018-இல் 11 ஆய்வுகளைத் தொகுத்தபோது, விரிசல் சரிசெய்யப்படுவதற்கும் நல்ல விளைவுக்கும் மிதமான தொடர்பு தெரிந்தது, சுமார் 0.29. இது தொடர்பு மட்டுமே, காரணம் என்று நிரூபிக்கவில்லை. அதே தொகுப்பில், தெரபிஸ்ட்களுக்கு இதில் பயிற்சி கொடுத்ததால் கிளையன்ட்டின் விளைவு கூடியதா என்று பார்த்தபோது வந்த பலன் சிறியது, புள்ளியியல்படி உறுதியாகவில்லை. ஒரு வொர்க்‌ஷாப் போனால் வந்துவிடும் திறமை இல்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். தன் ஒலிப்பதிவைத் தானே கேட்காமல் இதைக் கற்றவர் யாரையும் எனக்குத் தெரியாது.

எஸ்ஆர்எஸ் உறவை அளக்கிறது, நோயை அல்ல. கோடுகள் எல்லாம் வலது ஓரத்தில் இருக்கும்போதே மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளில் ஒருவரின் மதிப்பெண் ஏறிக்கொண்டு போகலாம், அதன் ஒன்பதாவது கேள்வியில் தற்கொலை எண்ணம் புதிதாகத் தலைகாட்டலாம். அப்படி வந்தால் விரிசல் பேச்சை ஒத்திவைத்துவிட்டு பாதுகாப்பு மதிப்பீட்டைச் செய்து, அன்றே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். இரண்டு அளவுகளையும் ஒரே கிராஃப் தாளில், ஒன்றின் கீழ் ஒன்றாகப் போட்டு வையுங்கள்.

ஃபைலில் எழுதுவது நான்கு எண்களையும் மட்டும் அல்ல. இறங்கிய கோடு எது, நீங்கள் கேட்ட வாக்கியம், கிளையன்ட் சொன்ன பதில் அவர் வார்த்தையிலேயே, எதை மாற்றுவதாக ஒப்புக்கொண்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். 'கிளையன்ட் ஒத்துழைக்கிறார்' என்று எழுதத் தோன்றினால், அதற்குப் பதிலாக அவர் கடைசியாக எப்போது உங்களிடம் 'வேணாம்' என்று சொன்னார், எதற்குச் சொன்னார் என்று எழுதுங்கள். அந்த இடம் பல வாரமாகக் காலியாகவே இருந்தால், அடுத்த சூப்பர்விஷனுக்கு அந்த ஒலிப்பதிவை எடுத்துப் போங்கள்.